இயந்திரத்தின் கணக்குக்கு இயந்திரமே சாட்சியா?

எண்ணிச் செலுத்திய தொகை ஒன்று, பணம் செலுத்தும் இயந்திரம் தந்த ரசீதில் உள்ள தொகை வேறொன்று என்று முறையிடுபவருக்கு வங்கி வழக்கமாகத் தரும் பதில், ‘இயந்திரப் பதிவின்படி பரிவர்த்தனை சரியாக முடிந்துள்ளது’ என்பதே. இப்பதில் விசாரணையின் முடிவுபோல் தோன்றினாலும், விசாரணை தொடங்கவே இல்லை என்பதற்கு அதுவே சான்று. ரசீதை அச்சிட்டதும் மின்பதிவை எழுதியதும் ஒரே உணர்கருவியின் எண்ணிக்கைதான். ஒரே சாட்சியை இருமுறை அழைத்தால் அது இரு சாட்சிகள் ஆகாது.

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் பூ விற்பவர் ஒருவர், 500 ரூபாய்த் தாள்கள் 95, 100 ரூபாய்த் தாள்கள் 20 என 49,500 ரூபாயைச் செலுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ரசீதிலோ 48,000 என்று இருக்கிறது. அவர் முதலில் பார்க்க வேண்டியது மொத்தத் தொகையை அன்று. மதிப்புவாரியான தாள் எண்ணிக்கையை. அதில் 500 தாள் 94, 100 தாள் 21 என்று இருந்தால், மொத்தத் தாள்கள் 115 மாறாமல் தொகை மட்டும் 400 ரூபாய் குறையும். அப்போது பிழை இயந்திரத்தினுடையது அன்று. 500 ரூபாய்க் கட்டுக்குள் ஒரு 100 ரூபாய்த் தாள் கலந்திருந்திருக்க வேண்டும். இங்கோ 500 தாள் 92, 100 தாள் 20. அதாவது மூன்று தாள்கள் கணக்கிலேயே வரவில்லை.

அம்மூன்றும் எங்கே போயிருக்கும்? கைக்கணக்கே தவறியிருக்கலாம். மடிந்ததோ ஈரமானதோ ஆன தாள்களை இயந்திரம் ஏற்காமல் வெளியே நீட்டியிருக்க, அவர் கவனியாது போயிருக்கலாம். சிறிது நேரத்தில் இயந்திரம் அவற்றை உள்ளிழுத்துத் தனிப்பெட்டியில் போட்டிருக்கும். அல்லது அவை உள்வழியில் சிக்கியிருக்கலாம். இரண்டு தாள் ஒட்டிச் சென்றால் தடிமனை அளந்து திருப்பித் தரும் ஏற்பாடு உண்டெனினும், தேய்ந்த இயந்திரத்தில் அதுவும் தவறக்கூடும். உள்ளிழுத்ததையும் சிக்கியதையும் மின்பதிவு பெரும்பாலும் குறித்து வைக்கும். ஆனால் உணர்கருவி காணாத தாளை அப்பதிவும் காணாது.

எனவே தீர்ப்பளிக்கத் தக்க சாட்சி வேறொன்று உண்டு. குறித்த இடைவெளியில் இயந்திரத்தைத் திறந்து, பெட்டிகளில் உள்ள பணத்தை எண்ணி, பதிவோடு ஒப்பிடும் வழக்கம் வங்கிகளுக்கு உண்டு. அவ்வெண்ணிக்கையில் மூன்று 500 ரூபாய்த் தாள்கள் மிகுதியாக இருந்தால் பூ வணிகரின் கூற்று மெய்ப்படுகிறது. ஆகவே அன்றே எழுத்தில் தரும் புகாரில் இயந்திர எண், பரிவர்த்தனை எண், நேரம், மதிப்புவாரி எண்ணிக்கை ஆகியவற்றோடு இரண்டு கோரிக்கைகள் இடம்பெற வேண்டும்: செலுத்திய பின் நடந்த முதல் பண எண்ணிக்கையின் தேதியும், தனிப்பெட்டி உட்பட அதில் கண்ட மிகுதியும் தெரிவிக்கப்பட வேண்டும், கண்காணிப்புக் கேமராப் பதிவு அழியாமல் காக்கப்பட வேண்டும். தாள்களின் எண்ணிக்கையைக் கேமரா காட்டுவது அரிது. திருப்பிய தாள்களை எடுக்காமல் அவர் நகர்ந்தாரா என்பதை அது காட்டக்கூடும்.

வாடிக்கையாளரின் கைக்கணக்கை மட்டும் நம்பிப் பணம் தர முடியாது என்று வங்கி சொல்வதில் நியாயம் உண்டு. அப்படித் தந்தால் யாரும் எதையும் கோரலாம். இரு தரப்புக்கும் பொதுவான அளவுகோல் இப்பண எண்ணிக்கையே. அதற்கும் எல்லை உண்டு: அதே இடைவெளியில் வேறொரு பரிவர்த்தனையில் பற்றாக்குறை நேர்ந்திருந்தால் மிகுதி அதில் மறைந்துவிடும்.

இங்கேதான் விதியின் குறை புலப்படுகிறது. கணக்கில் கழிக்கப்பட்டும் ஏ.டி.எம். பணம் தராவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே திருப்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இது 2019 செப்டம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி பிறப்பித்த சுற்றறிக்கை. அதன் பட்டியலில் இயந்திரத்தில் செலுத்திய பணம் குறைந்து பதிவாவது இடம்பெறவில்லை. பணம் வெளிவராத போது உள்ள காப்பு, உள்ளே போன பணத்துக்கு இல்லை. வணிகருக்கு எஞ்சுவது, வங்கியின் பதில் நிறைவளிக்காவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடும் வழியே. அங்கும் எடுபடுவது, பண எண்ணிக்கையை அவர் எழுத்தில் கேட்டதும் வங்கி தர மறுத்ததும்தான்.

ஆகவே ரிசர்வ் வங்கி செய்ய வேண்டியது பெரிதன்று. செலுத்துதல் வேறுபாட்டையும் அப்பட்டியலில் சேர்க்க வேண்டும். பண எண்ணிக்கையின் முடிவை இணைக்காமல் இத்தகைய புகாரை முடித்துவைக்கக் கூடாது என விதிக்க வேண்டும். அதுவரை வாடிக்கையாளரின் உறுதியான காப்பு, ‘உறுதிசெய்’ பொத்தானுக்கு முந்தைய சில நொடிகளே. பெரும்பாலான இயந்திரங்களில் அதுவரை தாள்கள் தனியே நிற்கும். திரையில் மதிப்புவாரிக் கணக்கு தெரியும். அது ஒவ்வாவிடில் ரத்து செய்து தாள்களைத் திரும்பப் பெறலாம். பொத்தானை அழுத்திய பின் அத்தொகைக்கு அவரே ஒப்புதல் அளித்ததாக ஆகிவிடும்.