‘எதிர்பார்க்கப்படுகின்றது’ எண்டு எழுதுற ஆள் ஆர்?

2025 ஜனவரியில் இந்தியாவில் ஒரு காணொளி பரவியது. எல் அன்ட் டி நிறுவனத்தின் தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் தன் ஊழியர்களோடு பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமையும் உங்களை வேலைக்குக் கூப்பிட முடியவில்லையே என்று வருத்தப்படுகிறார். வீட்டில் இருந்து என்ன செய்யப்போகிறீர்கள், மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்கிறார். வாரம் 90 மணித்தியாலம் உழைக்கிற சீனர்களை உதாரணம் காட்டுகிறார். ஊர் முழுக்கச் சிரித்தது, கோபப்பட்டது. அதற்குப் பிறகு நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. அதில் மனைவி இல்லை, ஞாயிறு இல்லை, 90 என்ற எண்ணும் இல்லை. தேசத்தைக் கட்டியெழுப்புவது எங்கள் பணி, அசாதாரணமான விளைவுகளுக்கு அசாதாரணமான உழைப்பு வேண்டும், தலைவர் அந்தப் பெரிய நோக்கத்தைத்தான் சொன்னார் என்று இருந்தது.

எல்லோரும் அந்தப் பேச்சைத் திட்டினார்கள். எனக்கு அந்த அறிக்கையில்தான் கூடக் கோபம். பேச்சில் அந்த மனிசன் என்ன கேட்கிறார் என்று தெரிந்தது, அதனால் அவரோடு சண்டை பிடிக்க முடிந்தது. அறிக்கையில் கேட்பது அப்படியே இருக்கிறது, எவ்வளவு கேட்கிறார் என்பது மட்டும் காணாமல் போய்விட்டது. பேச்சைத் ‘தொழில்முறையாக’ மாற்றி எழுதுவது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த வேலையைத்தான்.

இது பம்பாய்க் கம்பனிகளின் பிரச்சினை மட்டும் இல்லை. வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் இப்போது எங்கட வயசுப் பிள்ளைகள் படிவம் பதிகிறார்கள், கணக்கெடுப்புச் செய்கிறார்கள், திட்ட அறிக்கை தயாரிக்கிறார்கள். கடைசி வாரம் வந்தால் குழுத்தலைவர் எல்லோரையும் கூட்டி நாலு வார்த்தை பேசுவார். பிறகு, ‘நீ ஆர்ட்ஸ் படிக்கிறாய்தானே, இதைக் கொஞ்சம் நல்ல தமிழில் எழுதி எல்லாருக்கும் அனுப்பு’ என்று ஒருவரிடம் கொடுப்பார். அந்த ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்படி ஒரு பேச்சை எடுத்துக்கொள்வோம். வெள்ளச் சேதக் கணக்கெடுப்பு, கையால் நிரப்பிய 600 படிவம், ஆறு பேர், திங்கள் மதியம். அண்ணன் பேசுகிறார்:

“புள்ளைகள், கொஞ்சம் கேளுங்க. வெள்ளி பின்னேரம் நாலு மணிக்குள்ள குடுக்கணும். கொழும்பு கடைசி நேரத்திலதான் கேட்டது, அது நம்மட பிழை இல்ல. நித்திரையெல்லாம் பிறகு பாப்பம். ஏலாதெண்டு ஒருத்தரும் சொல்லப்படாது. கலியாணம் முடிச்ச ஆக்கள் வீட்டில சொல்லிட்டு வாங்க, ஹா ஹா. சாப்பாடு நான் பாக்கிறன். ராவைக்குப் போக ஏலாதெண்டா நான் கொண்டுபோய் விடுறன். பிழைச்சா என்ட தலைதான் போகும், உங்கட இல்ல. போன முறையும் செஞ்சம்தானே? அடிச்சித் தள்ளுவம்.”

இதை நம்மில் பலர் எப்படி மாற்றுவோம் என்று எனக்குத் தெரியும். பிரதேச செயலகக் கடிதங்களைப் படித்து வளர்ந்த கை இப்படித்தான் எழுதும்:

“குறித்த காலக்கெடுவிற்குள் பணியினை நிறைவு செய்யும் பொருட்டு அனைத்து உத்தியோகத்தர்களும் பூரண அர்ப்பணிப்புடன் செயற்பட வேண்டுமென எதிர்பார்க்கப்படுகின்றது. தேவையேற்படின் மேலதிக நேரம் கடமையாற்ற வேண்டியிருக்கும். தங்களது ஒத்துழைப்பிற்கு நன்றிகள்.”

பிழை இல்லாத தமிழ். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து, அண்ணன் தன் தலையில் ஏற்றுக்கொண்டவற்றை எண்ணிப் பாருங்கள். சாப்பாடு, இரவில் வீடு சேர்ப்பது, பிழைத்தால் பொறுப்பு, நெருக்கடி யாரால் வந்தது என்ற உண்மை. நாலும் போய்விட்டன. பிள்ளைகளின் தலையில் ஏற்றியது மட்டும் ‘பூரண அர்ப்பணிப்பு’ என்று இன்னும் பாரமாகி நிற்கிறது. அதோடு, எதிர்பார்ப்பது யார்? அண்ணனா, கொழும்பா? ‘எதிர்பார்க்கப்படுகின்றது’ என்ற சொல்லுக்குள் ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் கேள்வி கேட்கவும் முடியாது.

இந்த இடத்தில் ஒரு பழைய காகிதம் நினைவுக்கு வருகிறது. 1944 ஜூனில் நோர்மண்டித் தரையிறக்கத்துக்கு முதல் நாள், படைத்தளபதி ஐசனோவர் தோல்வி வந்தால் வெளியிட ஒரு சின்னக் குறிப்பைக் கையால் எழுதி வைத்தார். படைகள் விலக்கப்பட்டன என்ற போக்கில் முதலில் எழுதியதை அடித்துவிட்டு, நான் விலக்கிக்கொண்டேன் என்று மாற்றினார். இந்த நடவடிக்கை என்று தொடங்கியதையும் அடித்து, தாக்குவதென்ற என் முடிவு என்று ஆக்கினார். பழி ஏதும் இருந்தால் அது தன்னுடையது மட்டுமே என்று முடித்தார். அந்தக் குறிப்பு தேவைப்படவில்லை. ஆனால் மாற்றி எழுதுவது எந்தப் பக்கமாகப் போகவேண்டும் என்பதற்கு அதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குத் தெரியாது. ‘பட்டது’ என்பதை அடித்து ‘நான்’ என்று எழுதுவது.

‘அப்ப அண்ணன் பேசினதையே அப்படியே விட்டா என்ன?’ என்று கேட்பீர்கள். விடக்கூடாது. அந்தப் பேச்சிலும் ஓட்டை இருக்கிறது. அன்றைக்கு வராதவருக்கு அது போய்ச் சேராது. ‘நித்திரை பிறகு’ என்றால் எத்தனை மணி வரை? ‘கலியாணம் முடிச்ச ஆக்கள்’ பகிடி மனைவி முகத்துப் பகிடிக்குச் சொந்தக்காரன்தான். குழந்தையை விட்டுவிட்டு வருகிற அக்கா அதற்குச் சிரித்தாலும், ஐந்து மணி பஸ்ஸைப் பற்றிக் கேட்க வாய் வராது. ஏலாது என்று சொல்லப்படாது என்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். அப்படிச் சொன்னால் பிள்ளைகள் சொல்லாமல் விட்டுவிடுவார்கள், ஏலாமல் போனது வெள்ளி மூன்று மணிக்குத்தான் தெரியவரும்.

ஆகவே எழுதுகிறவர் பேனையைத் தொட முதல் ஒரு கணக்குப் போடவேண்டும். ஒரு படிவத்துக்கு 20 நிமிடம் என்றால் 600 படிவத்துக்கு 200 மணித்தியாலம். பத்தில் ஒன்றை, ஒன்றுக்கு 10 நிமிடம் வைத்து, இன்னொருவர் சரிபார்த்தால் இன்னும் 10. மொத்தம் 210, ஆளுக்கு 35. இருக்கிற நேரம் எவ்வளவு? திங்கள் பின்னேரம் 4, செவ்வாய், புதன், வியாழன் எட்டெட்டாக 24, வெள்ளி நாலு மணி வரை 7. அதுவும் 35. ஒரு நிமிடம் மிச்சமில்லை. மார்கழி மழையில் அரை நாள் கரண்ட் போனால் ஆறு பேருக்கும் சேர்த்து 24 மணித்தியாலம் போச்சு, அதாவது 72 படிவம். ‘அடிச்சித் தள்ளுவம்’ என்ற உற்சாகத்தால் அந்த 72 படிவம் உள்ளே போகாது. மூன்று நாளைக்கு இரண்டிரண்டு மணித்தியாலம் கூட நின்றால் 36 மணித்தியாலம் வரும், கரண்ட் போன ஓட்டையை அது அடைக்கும். இலங்கையின் 1954ஆம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் மேலதிக நேரத்துக்கு வாரம் 12 மணித்தியாலம் என்று எல்லை போட்டு, அதற்கு ஒன்றரை மடங்கு கூலியும் கேட்கிறது. ஆளுக்கு 6 மணித்தியாலம் அதற்குள் அடங்கும். ‘தேவையேற்படின்’ என்று எழுதுகிறவர் இந்தக் கணக்கைப் போடவில்லை, அல்லது போட்டுவிட்டு மறைக்கிறார்.

கணக்கு கையில் இருந்தால் குறிப்பு தன்பாட்டில் வரும். நான் எழுதினால் இப்படி:

“வெள்ளி பின்னேரம் 4 மணிக்கு 600 படிவமும் கொடுக்கவேண்டும். கோரிக்கை நமக்குத் தாமதமாக வந்தது. உங்களால் வந்த நெருக்கடி இல்லை.

சாதாரண நேரத்தில் வேலை சரியாக முடியும், ஆனால் மழைக்கும் கரண்டுக்கும் இடமில்லை. அதனால் செவ்வாய், புதன், வியாழன் மாலை 7 மணி வரை நிற்கும்படி கேட்கிறேன். அதற்கு மேல் யாரும் நிற்கவேண்டாம். கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி கொடுப்பனவு உண்டு. இரவுச் சாப்பாடு என் பொறுப்பு. 7 மணிக்குப் பிறகு எல்லோரையும் வீட்டில் விட வாகனம் ஒழுங்குபடுத்துகிறேன். 5 மணி பஸ்ஸில் போகவேண்டியவர்கள் இன்றைக்கே சொல்லுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.

போன முறை 400 படிவத்தை நாலு நாளில் முடித்தோம், ஆனால் பிழை திருத்த இன்னொரு நாள் போனது. இந்த முறை சரிபார்ப்பை அன்றன்றைக்கே செய்வோம்.

புதன் மதியம் 250க்குக் கீழே இருந்தால், கடைசிப் பக்கக் கருத்துரைகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளும்படி கொழும்பிடம் நான் கேட்பேன். ஏலாது என்று தெரிந்தால் புதனுக்கு முதல் சொல்லுங்கள். தரவில் பிழை வந்தால் பதில் சொல்வது நான்.”

ஊக்கம் எங்கே என்று தேடுகிறவர்களுக்கு: அது அந்த 400 படிவத்தில் இருக்கிறது. ‘உங்களால் முடியும்’ என்பதை யாருக்கும் சொல்லலாம். போன முறை இத்தனை செய்தீர்கள், இந்த இடத்தில் இடறினோம் என்பதை இந்த ஆறு பேருக்கு மட்டும்தான் சொல்லமுடியும். ‘அதற்கு மேல் யாரும் நிற்கவேண்டாம்’ என்ற வரியும் ஊக்கம்தான். எங்கே முடியும் என்று தெரிந்த ஓட்டத்தைத்தான் ஆள் முழு மூச்சோடு ஓடும்.

புதன் மதியம் என்று நான் பிடிவாதமாக வைத்ததற்கும் காரணம் உண்டு. அன்றைக்குக் குறைவு தெரிந்தால் எதையாவது குறைக்கலாம்: படிவத்துக்கு 5 நிமிடம் தின்கிற கருத்துரைப் பக்கத்தை முழுக்க விட்டால் 50 மணித்தியாலம் வரை மிச்சம், பாதியில் விட்டாலும் பாதி மிச்சம். வியாழன் இரவு தெரிந்தால் புது ஆளைப் பிடிக்கத்தான் ஓடுவோம். அவருக்குப் படிவத்தைப் பழக்க, நன்றாகப் பதிகிற ஒருவர் தன் வேலையை விட்டு எழும்பவேண்டும். பிந்திய வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்று மென்பொருள் துறையில் பிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார்.

அண்ணன் இந்தக் குறிப்பை ஏற்கமாட்டார் என்று சிலர் சொல்வார்கள். வாகனம், கொடுப்பனவு எல்லாம் எழுத்தில் வந்தால் மாட்டிக்கொள்வார் என்பார்கள். ஓம், அதற்காகத்தான் எழுதுவது. வாயால் சொல்லும்போது உண்மையாகச் சொன்னவர் எழுத்தில் கண்டு பின்வாங்கினால், அனுப்ப முதல் அதை அவரோடு பேசித் தீர்க்கவேண்டும். தரமுடியாததை வெட்டட்டும், ஆனால் வெட்டியது தான் என்று அவருக்குத் தெரியட்டும். ‘நல்ல தமிழ்’ என்ற பெயரில் அவருக்காக நாம் அதைச் சத்தமில்லாமல் வெட்டிக் கொடுக்கக்கூடாது.

அனுப்ப முதல் ஒரு சோதனை இருக்கிறது. எழுதியதை அந்த ஆறு பேருக்கு முன்னால் நின்று அண்ணன் வாயால் வாசிக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். ‘சாப்பாடு என் பொறுப்பு’ என்பதை வாசிப்பார். ‘பூரண அர்ப்பணிப்புடன் செயற்பட வேண்டுமென எதிர்பார்க்கப்படுகின்றது’ என்பதை முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசிக்க அவருக்கே வெட்கமாக இருக்கும்.