'வாரன்டி இல்லை' என்று கைவிரிக்கிறதா சர்வீஸ் சென்டர்? ஜாப் ஷீட்டில் இருக்கும் காரணத்தைப் பாருங்க!

வாங்கி ஒரு வருஷம் கூட ஆகவில்லை. ஆனால் சர்வீஸ் சென்டரில் "இது வாரன்டியில வராது சார்" என்கிறார்கள். யார், எதை வைத்து இதை முடிவு செய்கிறார்கள்?

ஓர் உதாரணம் பார்ப்போம். 2024 அக்டோபர் 30-ம் தேதி, தீபாவளிக்கு முதல் நாள், ஒருவர் ஓராண்டு வாரன்டியுடன் போன் வாங்குகிறார். 2025 அக்டோபர் 24-ல் சார்ஜ் ஏறவில்லை என்று எடுத்துப் போகிறார்.

முதல் கேள்வி: தேதி

ஊழியர் ஐஎம்இஐ எண்ணைத் தட்டியதும் OOW என்று வருகிறது. 'வாரன்டி காலம் முடிந்தது' என்பதற்கான குறியீடு இது. எப்படி? போன் அக்டோபர் 12-லேயே ஆக்டிவேட் ஆனதாகப் பதிவாகியிருக்கிறது. விற்பனைக் கணக்கு காட்டுவதற்காகச் சில கடைகளில் இப்படி முன்கூட்டியே செய்துவிடுவதுண்டு. பில்லைக் காட்டினால் கணக்கு மாறும்; வாரன்டி அக்டோபர் 29 வரை இருக்கிறது.

இரண்டாவது கேள்வி: பழுது எப்படி வந்தது?

தேதி சரியானதும் பிரச்னை தீர்ந்ததா என்றால், இல்லை. முதல் தடையிலேயே பரிசோதனை நின்றுவிடுவதால், அடுத்த தடை அதுவரை கண்ணில் படாது. இப்போது சிம் ட்ரே பகுதியில் இருக்கும் சின்ன ஸ்டிக்கரைப் பார்க்கிறார்கள். ஈரம் பட்டால் வெள்ளையிலிருந்து சிவப்பாக மாறும் ஸ்டிக்கர் அது. சிவப்பாக இருந்தால் CID, அதாவது 'வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்'. வாட்டர் ரெசிஸ்டன்ட் போனாக இருந்தாலும், பெரும்பாலான நிறுவனங்களின் வாரன்டியில் தண்ணீர் சேதம் விலக்குதான்.

ஆனால் ஸ்டிக்கர் சொல்வது ஈரம் பட்டது என்பதை மட்டுமே. எப்போது பட்டது, சார்ஜ் ஏறாததற்கு அதுதான் காரணமா என்பதை அது சொல்லாது. உள்ளே சார்ஜிங் போர்டில் அரிப்பு இருந்தால் நிறுவனத்தின் வாதம் வலுவானது. போர்டு சுத்தமாக இருந்தால் கேள்வி கேட்க இடமிருக்கிறது. அதனால் போர்டின் போட்டோவைக் கேளுங்கள்.

மூன்றாவது கேள்வி: வேறு விலக்கு உண்டா?

வெளிக்கடையில் திறந்தது, பேட்டரி இயல்பாகத் தேய்ந்தது போன்றவை இதில் வரும். இங்கேயும் அந்த விலக்குக்கும் இப்போதைய பழுதுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

என்ன செய்யலாம்?

போனைக் கொடுத்த தேதியும் மறுப்புக்கான காரணமும் இருக்கும் ஜாப் ஷீட்டை எழுத்தில் வாங்குங்கள். வாரன்டி முடிய ஐந்து நாள்தான் இருக்கும்போது, அந்தத் தேதிதான் சாட்சி. வாய்மொழியாகச் சொன்னதை வைத்து பிறகு எதையும் நிரூபிக்க முடியாது.

பதில் திருப்தியாக இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் அங்கே வழக்குத் தொடர வேண்டும்.