படிப்பதற்குப் பொறி, எழுதுவதற்கு நாம்

கண்டங்களின் தோற்றம் குறித்து ஆல்ஃபிரட் வெகெனர் 1915இல் ஜெர்மன் மொழியில் நூல் வெளியிட்டார். அம்மொழி அறியாத மாணவர் அதனைப் பொறிவழி மொழிபெயர்ப்பில் படித்துணரலாம், அதில் தவறில்லை. ஆயினும், அம்மொழிபெயர்ப்பின் தொடர்களையே தம் கட்டுரையில் எடுத்தாளுதல் பிழை என்பேன்.

வெகெனர் வழங்கிய ‘ஃபெர்ஷீபுங்’ என்னும் சொல் இடம்பெயர்தலைக் குறிக்கும். பொறி அதனை ‘அலைதல்’ எனத் தருமாயின், கண்டங்கள் திசையின்றித் திரிந்தன என்னும், அவர் கூறாத கருத்து அவர்மேல் ஏறிவிடும். ஆதலின், கருத்தைத் தாங்கும் சொற்களை மூலத்தில் கண்டு அகராதியோடு ஒப்பிடுக. பின்னர் மொழிபெயர்ப்பை மூடிவைத்து, உணர்ந்ததை உம் நடையில் எழுதுக.

சான்றாக மூலநூலையே சுட்டுக. வெகெனர் அதனை 1929 வரை பலமுறை திருத்தியமையால், பதிப்பாண்டும் பக்க எண்ணும் இன்றியமையாதன. பொறியின் துணைகொண்டு படித்ததையும் மறையாது குறிப்பிடுக.