கம்பியை இன்னும் இழுக்காதீங்க!



நம்ம பள்ளி வாசலில் தொங்கிய பெயர்ப்பலகை ஆண்டு விழாவுக்கு முதல் நாள் இரவு அறுந்து விழுந்தது எல்லாருக்கும் தெரியும். பகலில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த இடத்தில்தான் வரிசையில் நிற்பார்கள், அவ்வளவுதான். மறுநாள் எல்லாரும் சொன்னது ஒரே பதில்: "கம்பி மட்டம். கடைக்காரர் ஏமாத்திட்டார்." இப்போது தடிமனான புதுக் கம்பி வாங்கி வைத்திருக்கிறார்கள். பலகையை மறுபடி ஏற்றப் போகிறார்கள்.

என் கருத்து வேறு. கடைக்காரர் மேல் தப்பில்லை. கம்பியை அறுத்தது நாம்தான். அதிலும் "இன்னும் இழுங்கண்ணே, தொங்குது" என்று கீழே நின்று கத்தியவர்களில் நானும் ஒருத்தி.

நடந்ததை நினைத்துப் பாருங்கள். இரண்டு தூணுக்கும் நடுவே 12 அடி. தூணுக்கு ஒரு கொக்கி. பலகையின் தலையில் ஒரு வளையம், அந்த வளையத்திலிருந்து இடது பக்கம் ஒரு கம்பி, வலது பக்கம் ஒரு கம்பி. பலகை 12 கிலோ. (ரேஷன் கடைத் தராசில் நிறுத்தோம்.) முதலில் கட்டியபோது வளையம் கொக்கி மட்டத்துக்கு 1 அடி கீழே இருந்தது. பார்க்க நல்லா இல்லை என்றார்கள். கம்பிக்குள் ஒரு கம்பை விட்டு முறுக்கி அரை அடியாக்கினார்கள். ஆண்டு விழா வந்ததும் மறுபடி முறுக்கி 3 அங்குலமாக்கினார்கள். கம்பி நேர்கோடு மாதிரி அழகாத்தான் இருந்தது. அன்று இரவே அறுந்தது.

பலகை அதே 12 கிலோதானே, கூடவில்லையே, பிறகு ஏன் அறுந்தது? இதற்குப் பதில் விசைகளின் முக்கோண விதியில் இருக்கிறது. ஒரு புள்ளியில் மூன்று விசைகள் இழுத்து, அந்தப் புள்ளி அசையாமல் நின்றால், அந்த மூன்றையும் ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கங்களாக வரைந்துவிடலாம். 1586இல் சைமன் ஸ்டெவின் என்பவர் சாய்தளத்தைப் பற்றி எழுதிய புத்தகத்திலேயே இந்த யோசனை இருக்கிறதாம். நமக்குத் தேவை ஒரு ஸ்கேல், மூலைமட்டம், பென்சில். அவ்வளவே.

நம்ம வளையத்தை எடுத்துக்கொள்வோம். அதை மூன்று பேர் இழுக்கிறார்கள்: பலகை கீழே இழுக்கிறது, இரண்டு கம்பியும் ஆளுக்கொரு பக்கம் சாய்வாக மேலே இழுக்கின்றன. 2 கிலோவுக்கு 1 செ.மீ. என்று அளவுத்திட்டம் வைத்துக்கொண்டு, மேலே அ, கீழே ஆ என்று 6 செ.மீ. செங்குத்துக் கோடு போடுங்கள். அதுதான் பலகையின் 12 கிலோ. இப்போது ஆ புள்ளியிலிருந்து ஒரு கம்பிக்கு இணையாக ஒரு கோடு, அ புள்ளியிலிருந்து மற்றக் கம்பிக்கு இணையாக ஒரு கோடு. இரண்டும் சந்திக்கும் இடம் இ. ஆஇ எத்தனை செ.மீ. என்று அளந்து இரண்டால் பெருக்கினால் ஒரு கம்பியின் இழுவிசை கிலோவில் கிடைக்கும். இஅ மற்றதுக்கு. அம்புக்குறி போட்டால் அஆ, ஆஇ, இஅ என்று ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்று சுற்றி வர வேண்டும். எங்காவது இரண்டு அம்பு முட்டிக்கொண்டால் தப்பாக வரைந்திருக்கிறோம் என்று அர்த்தம்.

1 அடி தொய்வுக்கு வரைந்தேன். நோட்டின் ஓரம் வரை போய் 18 செ.மீ. சொச்சத்தில் சந்தித்தது. அதாவது ஒவ்வொரு கம்பியிலும் 36 கிலோவுக்கு மேல்! 12 கிலோ பலகையை இரண்டு கம்பி பிடித்தால் ஆளுக்கு 6 கிலோ என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இரண்டு கம்பியும் நேர் செங்குத்தாகத் தொங்கினால் மட்டுமே அந்த 6 கிலோ சரி. சாய்ந்துவிட்டால் அவை பலகையைத் தூக்குவதோடு, ஒன்றை ஒன்று பக்கவாட்டிலும் இழுக்கின்றன. கயிறு இழுக்கும் போட்டி மாதிரி. அந்தச் சண்டைக்குச் செலவாகிற விசைதான் மிச்சமெல்லாம்.

அரை அடி தொய்வுக்கு நோட்டு போதவில்லை. 3 அங்குலத்துக்கு வராந்தாத் தரையில் சாக்பீஸால் வரைய வேண்டியதாயிற்று. 6 செ.மீ. குட்டிக் கோட்டிலிருந்து கிளம்பிய இரண்டு கோடும் 72 செ.மீ. போய்ச் சேர்ந்தன. ஆளுக்கு 144 கிலோ! 36, 72, 144 என்று பாருங்கள். தொய்வு பாதியாகும் ஒவ்வொரு தடவையும் இழுவிசை இரண்டு மடங்காகியிருக்கிறது. நாம் பலகையைத் தொங்கவிடவில்லை, பன்னிரண்டு பலகையின் பாரத்தை ஒரு கம்பியில் ஏற்றியிருக்கிறோம்.

இங்கே நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கோணமானி வைத்துக் கோணம் அளந்துதான் வரைந்தேன். ஒரு தடவை 100 கிலோ வந்தது, அடுத்த தடவை 240 வந்தது. கணக்கு டீச்சர்தான் காரணம் சொன்னார்கள். கம்பி கிட்டத்தட்ட படுத்திருக்கும்போது கோணம் இரண்டரை டிகிரி கூட இல்லை. அதில் ஒரு டிகிரி பிசகினாலே விடை எங்கேயோ போய்விடும். அதனால் கோணத்தை விட்டுவிட்டு டேப்பால் தொய்வை அளந்தேன். கம்பியின் நீளம் தொய்வைப் போல் எத்தனை மடங்கோ, அத்தனை மடங்கு பாதி எடை. கம்பி ஏறக்குறைய 72 அங்குலம், தொய்வு 3 அங்குலம், ஆக 24 மடங்கு. பாதி எடை 6 கிலோ. 24 ஆறு 144. வடிவொத்த முக்கோணம் என்று நாம் படித்தது இதுதான். பலகை சரியாக நடுவில் இருந்தால் மட்டும் இந்தக் குறுக்குவழி செல்லும்.

"அப்படியானா இன்னும் பலமா இழுத்து ஒரேயடியா நேராக்கிட்டா?" என்று என் தோழி கேட்டாள். முடியவே முடியாது. ஸ்கிப்பிங் கயிற்றின் நடுவில் ஒரு புத்தகப் பையை மாட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். எட்டாம் வகுப்புப் பையன்கள் நாலு பேர் இழுத்தும் பை கொஞ்சம் தொங்கிக்கொண்டேதான் இருந்தது. முக்கோணத்தில் பார்த்தால் உடனே புரியும். இரண்டு கம்பியும் முழுக்கப் படுத்துவிட்டால் அ, ஆ இரண்டிலிருந்தும் போடும் கோடுகள் இணைகோடுகள் ஆகிவிடும். அவை எங்கே போய்ச் சந்திப்பது? முக்கோணமே கிடையாது.

தடிமனான கம்பி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். கம்பி தாங்கலாம். கொக்கி? தூண்? போய்ப் பாருங்கள், இடது தூணில் கொக்கியைச் சுற்றி சிமெண்ட் பூச்சு வெடித்திருக்கிறது, கொக்கியின் வாய் கொஞ்சம் விரிந்திருக்கிறது. கம்பி அறுவதற்கு முன்பே அது நமக்குச் சொல்லியிருக்கிறது. நாம்தான் பார்க்கவில்லை. கம்பியைத் தட்டினால் வீணைத் தந்தி மாதிரி 'டிங்'கென்றது என்று சந்தோஷப்பட்டோமே, அதுவும் நல்ல அறிகுறி இல்லை.

என் யோசனை இதுதான். தூண் தலையில் இரும்புக் குழாய் நட்டு, கொக்கியை 10 அடியிலிருந்து 11 அடிக்கு உயர்த்துங்கள். வளையத்தை 2 அடி தொய்வாக விடுங்கள். வளையத்துக்குக் கீழே பலகையும் கயிறும் சேர்ந்து 2 அடி. ஆக, பலகையின் அடிவிளிம்பு 7 அடி உயரத்தில் நிற்கும், யார் தலையிலும் இடிக்காது. இழுவிசை கம்பிக்கு 19 கிலோதான். பழைய 144 எங்கே, 19 எங்கே! குழாய் உள்பக்கமாக வளையாமல் இருக்க வெளிப்பக்கம் ஒரு இழுகம்பி கட்ட வேண்டும். அந்தச் செலவு தடிக்கம்பியின் செலவைவிடக் கூடுதல் என்று சொல்வார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் செய்ய வேண்டும்.

சத்துணவுச் சாமான் வேன் வருவதால் பலகையை வலது ஓரமாகத் தள்ளிக் கட்டலாம் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. இடது தூணிலிருந்து 9 அடி, வலது தூணிலிருந்து 3 அடி. அதே 2 அடி தொய்வு. இதில் மீந்துபோன பழைய கம்பியைக் குட்டையான வலது பக்கத்துக்கும், புதுக் கம்பியை நீளமான இடது பக்கத்துக்கும் போடலாமாம். "நீளக் கம்பிக்குத்தானே பாரம் ஜாஸ்தி?" தயவுசெய்து வேண்டாம்! முக்கோணம் வரைந்தால் நீளக் கம்பியின் பக்கம் 6.9 செ.மீ. வருகிறது, அதாவது 14 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. குட்டைக் கம்பியின் பக்கம் 8.1 செ.மீ., அதாவது 16 கிலோவுக்கு மேல். செங்குத்தாக நிற்கிற கம்பிதான் அதிகம் தூக்குகிறது. 12 கிலோவில் 9 கிலோவைக் குட்டையும், வெறும் 3 கிலோவை நீளமும் தாங்குகின்றன. கம்பியின் நீளம் வேறு, முக்கோணப் பக்கத்தின் நீளம் வேறு. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் (நானும்தான்) கம்பிப் படத்தையே முக்கோணம் என்று நினைத்துத் தப்பு செய்தோம். முக்கோணத்துக்குக் கம்பியின் சாய்வு மட்டும்தான் வேண்டும், நீளம் வேண்டாம்.

இந்தக் கணக்கெல்லாம் காற்றில்லாத நேரத்துக்குத்தான். ஆடி மாதக் காற்றில் பலகை ஆடும்போது இழுவிசை கூடும், அதற்கு இந்த முக்கோணம் பதில் சொல்லாது. அதனால் 19 கிலோ வந்தால் 20 கிலோ தாங்கும் கம்பி வாங்கக்கூடாது, பல மடங்கு தாங்குவதாக வாங்க வேண்டும்.

தொய்வாக இருந்தால் அசிங்கமாக இருக்கும் என்பவர்களுக்கு ஒன்று. சாய்ந்து நிற்பது கம்பிதான். பலகை எப்போதும் போல நேராகத்தான் தொங்கும். வாசலில் போகிறவர்கள் படிப்பது பலகையையா, கம்பியையா?

வெள்ளிக்கிழமை பலகையை ஏற்றுவதாகச் சொன்னார்கள். வராந்தாவில் நான் போட்ட சாக்பீஸ் முக்கோணத்தை அதுவரை அழிக்க வேண்டாம் என்று பெருக்கும் அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஏணியில் ஏறப்போகும் அண்ணன்களும், கீழே நின்று கத்தப்போகும் நாமும் ஒரு தடவை ஸ்கேலோடு வந்து அளந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி