‘பேட்டரி போச்சு’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

நேற்று மாலை கடைத்தெருவில் ஒரு கடை வாசலில் பெரிய சத்தம். வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகாத இன்வெர்ட்டர் பேட்டரி நிற்கவில்லையாம். “ஏமாத்துறீங்களா?” என்று ஒருவர் கத்துகிறார். கடைக்காரர் “கம்பெனிக்குப் போன் பண்ணுங்க” என்று திரும்பிக்கொள்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் நின்றேன். அந்த அனுபவத்தை எழுதிவைத்தால் யாருக்காவது உதவும் என்று தோன்றியது.

2018 நவம்பரில் கஜா நம் ஊரைப் புரட்டிப் போட்டபோது வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தோம். அதற்குப் பிறகு இங்கே இன்வெர்ட்டர் ஆடம்பரப் பொருளாக இல்லை. என் வீட்டில் அம்மாவுக்கு மூச்சிரைப்பு. இரவில் நெபுலைசர் வைக்க வேண்டியிருக்கும். அதற்காகவே 2022 ஜூனில் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி ஒன்று வாங்கினேன். வாரண்டி 60 மாதம். முதல் 36 மாதத்தில் பழுதானால் இலவசமாக மாற்றித் தருவார்கள். மீதி 24 மாதத்தில் விலையில் ஒரு பங்கு தள்ளுபடி மட்டும். இந்தப் பிரிவை வாங்கும்போது நான் கவனிக்கவில்லை. ‘ஐந்து வருட வாரண்டி’ என்ற பெரிய எழுத்து மட்டுமே கண்ணில் பட்டது.

2024 பிப்ரவரியில், அதாவது இருபதாவது மாதத்தில், ஒரு நள்ளிரவில் கரண்ட் போன முக்கால் மணி நேரத்தில் இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்தது. அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். அன்று இரவு எப்படிக் கழிந்தது என்று எழுத விரும்பவில்லை.

காலையில் கம்பெனி எண்ணுக்குப் போன் செய்து, “பேட்டரி போச்சுங்க, சீக்கிரம் ஆள் அனுப்புங்க” என்றேன். மூன்றாம் நாள் ஒரு தம்பி வந்தார். மீட்டரை வைத்துப் பார்த்தார். “12.4 வோல்ட் காட்டுது சார். பேட்டரி நல்லாத்தான் இருக்கு” என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். புகார் முடிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தியும் வந்தது.

முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தக் கையெழுத்தைப் போட்ட பிறகுதான் புத்தி வேலை செய்தது. 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள். ஐந்து நன்றாக இருந்து ஒன்று மட்டும் பலவீனமானால், சும்மா வைத்து அளக்கும்போது மொத்த வோல்ட்டேஜ் கொஞ்சம்தான் குறையும். மின்விசிறியும் விளக்கும் ஓடும்போதுதான் அந்த ஒரு செல் சரிந்து எல்லாவற்றையும் இழுத்துவிடும். எனவே தம்பி பார்த்ததும் உண்மை, நான் அனுபவித்ததும் உண்மை. எந்த நிலையில் பழுது தெரிகிறது என்பதை நான் சொல்லவே இல்லை.

இரண்டாம் முறை கம்பெனிக்கு மின்னஞ்சலில் எழுதினேன். சாரம் இதுதான்:

“பேட்டரி மாடல், சீரியல் நம்பர், வாங்கிய தேதி மேலே உள்ளன. புதிதாக இருந்தபோது இரண்டு மின்விசிறி, மூன்று எல்.இ.டி. விளக்குகளுடன் சுமார் ஆறு மணி நேரம் ஓடியது. இப்போது இரவு முழுக்கச் சார்ஜ் ஏறிய பிறகும் அதே சுமையில் நாற்பது நிமிடத்தில் நிற்கிறது. மூன்று இரவுகள் நேரம் குறித்துப் பார்த்தேன்: 42, 40, 38 நிமிடம். சார்ஜ் ஏறும்போது ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதிக்கிறது. தண்ணீர் அளவு எல்லாச் செல்லிலும் சரியாக உள்ளது. டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதுவும் ஊற்றியதில்லை. முந்தைய சோதனை சுமை இல்லாமல் செய்யப்பட்டது. சுமையுடனும், ஹைட்ரோமீட்டர் கொண்டு ஒவ்வொரு செல்லாகவும் சோதித்து, வாரண்டிப்படி மாற்றித் தரக் கோருகிறேன்.”

அதில் கோபம் ஒரு வரியும் இல்லை. ‘பிளேட் போய்விட்டது’ என்ற தீர்ப்பும் இல்லை. காரணத்தைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. கண்டதைச் சொல்வது என் வேலை.

இன்னொரு சிக்கல் பில். கடையில் கொடுத்தது சூட்டில் அச்சாகும் வழவழப்பான தாள். இருபது மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிட்டது. வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் இல்லை. பில் இல்லாவிட்டால் பல கம்பெனிகள் தயாரித்த மாதத்திலிருந்தே வாரண்டியை எண்ணுவார்கள். பேட்டரி கடையில் கிடந்த மாதங்கள் நம் கணக்கில் கழிந்துபோகும். நல்லவேளையாகக் கடைக்காரர் என் போன் நம்பரை வைத்துக் கணினியிலிருந்து நகல் பில் எடுத்து முத்திரை போட்டுக் கொடுத்தார். வங்கிக் கணக்கில் அன்று பணம் போன பதிவையும் சேர்த்து அனுப்பினேன்.

நான்காம் நாள் வேறொருவர் ஹைட்ரோமீட்டரோடு வந்தார். ஐந்து செல்லில் ஆசிட்டின் அடர்த்தி 1.240. ஒன்றில் 1.120. “செல் போயிருக்கு சார்” என்று அவரே எழுதினார். அடுத்த வாரம் புது பேட்டரி வந்தது. அதற்குப் புதிதாக 60 மாதம் கிடையாது. பழைய வாரண்டியில் மீதமிருந்த காலம்தான். புதிய சீரியல் நம்பரைப் பழைய அட்டையில் எழுதி முத்திரை வாங்கி வைத்தேன்.

எல்லாக் கோரிக்கையும் நியாயமானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் போர் தண்ணீரை ஊற்றியிருந்தார். நம் ஊர் நிலத்தடி நீரில் உள்ள உப்பு பேட்டரிக்கு விஷம். அவருக்கு மறுத்தார்கள். அது சரிதான்.

“சார், நீங்க வாத்தியார், எழுதிட்டீங்க. நாங்க எங்கே போறது?” என்று ஒரு பழைய மாணவன் கேட்டான். அவனிடம், “எத்தனை ஃபேன் ஓடுச்சு, எவ்வளவு நேரம் ஓடுச்சு, முன்னாடி எவ்வளவு ஓடும்?” என்று கேட்டேன். தடங்கல் இல்லாமல் சொன்னான். அதைத் தமிழிலேயே எழுதி அனுப்பு என்றேன். இலக்கணம் தேவையில்லை, கணக்கு போதும்.

ஆனால் பாரம் முழுவதையும் வாங்குகிறவர் தலையில் வைப்பதும் நியாயமில்லை. முதல்முறையே சுமை கொடுத்துச் சோதித்திருந்தால் எனக்கு மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். தமிழ்நாட்டில் விற்கும் பேட்டரியின் வாரண்டி நிபந்தனைகளைத் தமிழில் அச்சடிப்பது பெரிய செலவும் இல்லை. அட்டையில் முத்திரை போடாமல் பொருளைக் கொடுப்பது கடையின் தவறு. நாமும் கேட்டு வாங்காமல் வருகிறோம்.

எழுதியும் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். அவர்கள் கம்பெனியிடம் பேசிப் பார்ப்பார்கள், உத்தரவிட முடியாது. அதற்கும் அசையாவிட்டால் நாகப்பட்டினத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி கம்பெனி எங்கே இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அங்கேயும் முதலில் கேட்பது பில்லும் நீங்கள் எழுதிய கடிதமும்தான்.

இன்று வீட்டில் இருக்கும் பில்களை எடுத்துப் பாருங்கள். வழவழப்புத் தாளாக இருந்தால் மங்குவதற்குள் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, பொருளின் சீரியல் நம்பரையும் அதே தாளில் எழுதி வையுங்கள். நேற்று கத்தியவரிடமும் இதைத்தான் சொன்னேன். பில்லைத் தேட வீட்டுக்குப் போயிருக்கிறார்.