கடைக் கணக்கு: பழைய விலையா, புதிய விலையா?

வாசகி ஒருவர் எழுதுகிறார்: "நானாவின் கடையில் பேரீச்சம்பழ வியாபாரத்துக்கு நான் முதல் போட்டேன். வேலை அவருடையது. வாடகை போன்ற கடைச் செலவுகளைச் சேர்க்காமல் இலாபத்தில் ஆளுக்குப் பாதி என்று பேசிக்கொண்டோம். பெருநாளைக்குப் பின் மொத்த இலாபம் 14,000 ரூபா என்று 7,000 தந்தார். இது சரியா?"

சகோதரியே, நீங்கள் அனுப்பிய விபரத்தின்படி சரக்கு இரண்டு தடவை வந்திருக்கிறது. முதலில் 40 கிலோ. கடைக்கே கொண்டுவந்து தந்த விலை கிலோ 900 ரூபா. நோன்புக்குச் சற்று முன்னர் 60 கிலோ. கிலோ 1,080 ரூபா. அதற்கு லொறிக் கூலி 1,200 ரூபா. கூலியும் சரக்கின் விலையோடு சேர வேண்டியதே. 60 கிலோவுக்குப் பகிர்ந்தால் கிலோவுக்கு 20 ரூபா. ஆகவே அடக்கவிலை 1,100 ரூபா. இரண்டிலுமாக 70 கிலோ, கிலோ 1,300 ரூபா வீதம் விற்று 91,000 ரூபா வந்துள்ளது. மீதி 30 கிலோ.

நானா விற்ற 70 கிலோவையும் கடைசிப் பற்றுச்சீட்டின்படி 1,100 ரூபா என்று கணக்கிட்டிருக்கிறார். அது 77,000. மிஞ்சியது 14,000.

ஆனால் முதலில் வந்த சரக்கே முதலில் விற்றது என்று கொள்ளும் முறைப்படி, பழைய 40 கிலோவும் முதலில் கழிய வேண்டும். அது 36,000 ரூபா. மற்ற 30 கிலோ புதிய சரக்கிலிருந்து 33,000 ரூபா. விற்ற சரக்கின் கிரயம் 69,000. இலாபம் 22,000. உங்கள் பங்கு 11,000 ரூபா.

எது சரியென்று எப்படிக் கண்டுகொள்வது? விற்ற சரக்கின் கிரயத்தையும் மீதிச் சரக்கின் கிரயத்தையும் கூட்டினால், வாங்கிய மொத்தத் தொகை வரவேண்டும். வாங்கியது 36,000உம் 66,000உமாக 102,000. மீதி 30 கிலோ 33,000 ரூபா. 69,000உடன் கூட்டினால் 102,000 சரியாக வருகிறது. நானாவின் 77,000உடன் கூட்டினால் 110,000. யாரும் செலவழிக்காத 8,000 ரூபா கணக்கில் ஏறியிருக்கிறது. பழைய 40 கிலோவில் கிலோவுக்கு 200 ரூபா கூட்டிய பிழைதான் அது.

நானா வேண்டுமென்று செய்திருப்பார் என எண்ண வேண்டாம். அவர் மனதில் இருந்தது வேறு கேள்வி: "விற்ற 70 கிலோவை இன்றைய விலையில் திரும்ப வாங்கினால் கையில் என்ன மிஞ்சும்?" அதற்கு விடை 14,000தான். விலை ஏறும் காலத்தில் 22,000ஐயும் பிரித்தெடுத்துவிட்டால், அதே அளவு சரக்கு வாங்க 8,000 ரூபா குறையும். ஆனால் அந்தத் தொகையை வியாபாரத்தில் விடுவதானால், இருவரும் பேசி, உங்கள் பாதியான 4,000ஐ உங்கள் பெயரில் முதலாக எழுதிவைக்க வேண்டும்.

அடுத்த தடவை, ஒவ்வொரு பெட்டியிலும் வந்த திகதியையும் அடக்கவிலையையும் எழுதி வையுங்கள்.