பயணப்படி விண்ணப்பங்களின் சரிபார்ப்பு: தவளக்குப்பம் கோரிக்கைச் சாசனம்

தவளக்குப்பத்திலிருந்து வேலை நிமித்தம் காரைக்காலுக்கும் மாஹேவுக்கும் ஏனாமுக்கும் போய்வரும் ஊழியர்களும், அவர்களின் பில்களைச் சரிபார்க்கும் கணக்குப் பிரிவினரும் கூடிப் பேசி இக்கோரிக்கைகளை முன்வைக்கிறோம். அரசு அலுவலகம், அரசு உதவி பெறும் நிறுவனம், தனியார் கம்பெனி எல்லாவற்றின் நிர்வாகத்துக்கும் இது பொருந்தும்.

விண்ணப்பங்களைப் பில் பில்லாகப் பார்க்கும் வழக்கத்தை விட்டு, பயணம் பயணமாகப் பார்க்க வேண்டும். இதுவே எங்கள் முதல் கோரிக்கை. இப்போது, டெம்போவில் கொடுத்த சில்லறைக்கு ரசீது எங்கே என்று கேட்டுச் சிவப்பு மையால் அடிக்கிறார்கள். இரண்டாகப் பிரித்துப் போட்ட வாடகைக் கார் பில்லோ முழுசாகப் பாஸாகிறது. ஒவ்வொரு தாளும் தனியாகப் பார்த்தால் சரியாகவே இருப்பதுதான் காரணம்.

ஓர் உதாரணம் சொல்கிறோம். பிரிவுத் தலைவர் 5,000 ரூபாய் வரை ஒப்புதல் தரலாம், அதற்கு மேல் இயக்குநரிடம் போக வேண்டும் என்று ஓர் அலுவலகத்தில் விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். காரைக்கால் போய்வந்த கார் வாடகை 9,400. அது 4,800, 4,600 என இரண்டு விண்ணப்பங்களாக, ஒரு வார இடைவெளியில் வருகிறது. இரண்டு பில்லும் ஒரே கார்க்காரருடையவை, வரிசை எண் அடுத்தடுத்து, இரண்டு தொகையும் வரம்புக்குச் சற்றுக் கீழே. மூன்றும் சேர்ந்தால் கேள்வி கேட்டே ஆக வேண்டும். ஆனால் கேள்விதான் கேட்க வேண்டும், தீர்ப்பு எழுதக் கூடாது. போன வாடகைக்கும் வந்த வாடகைக்கும் கார்க்காரரே தனித்தனி பில் கிழித்திருக்கலாம். காரின் டிரிப் ஷீட்டில் உள்ள தொடக்க, முடிவு கிலோமீட்டரைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஆகவே ஒரு பயணத்துக்கு ஒரே எண், அந்த எண்ணின் கீழ் எல்லாச் செலவும், மொத்தத் தொகைக்கு ஏற்ற அதிகாரியின் ஒப்புதல் என்ற முறை வர வேண்டும். கொள்முதலில் தேவையைத் துண்டாக்கி மேலதிகாரியின் ஒப்புதலைத் தவிர்க்கக் கூடாது என்று மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017 (விதி 157) சொல்கின்றன. அதே நியாயம் பயணச் செலவுக்கும் வேண்டும்.

ஒரே காரில் நான்கு பேர் போய், நான்கு பேரும் வாடகை கேட்பதும் இந்த முறையில் தானாகவே தெரிந்துவிடும்.

அடுத்தது ரசீது. பஸ் டிக்கெட்டின் மை சட்டைப் பையிலேயே மங்கிப்போகிறது, ஷேர் ஆட்டோவில் டிக்கெட்டே கிடையாது. இதை உணர்ந்துதான் மத்திய அரசின் 2017 ஜூலை உத்தரவு, எட்டாம் நிலை வரையுள்ள ஊழியர்களின் தங்கும் செலவுக்கும் உள்ளூர்ப் பயணத்துக்கும் வரம்புக்குள் ரசீது கேட்பதில்லை. தங்கிய இடம், நாட்கள், வண்டி எண் முதலியவற்றை எழுதிச் சுயசான்று தந்தால் போதும். உணவுப்படிக்கு யாரும் பில் கொடுக்க வேண்டியதில்லை. புதுச்சேரி அரசு அலுவலகங்கள் இதை எழுத்துப்படி கடைப்பிடிக்க வேண்டும், தனியார் நிறுவனங்கள் இதுபோன்ற விதியை ஏற்க வேண்டும். டிக்கெட் வாங்கியவுடன் கைபேசியில் எடுத்த படத்தை ஏற்க வேண்டும்.

சலுகை கேட்கும் நாங்கள் சோதனைக்கும் உடன்படுகிறோம். அந்த உத்தரவின்படி உணவுப்படி, தலைமையிடத்தை விட்டு வெளியே இருந்த நேரத்தைப் பொறுத்தது: ஒரு நாளில் 6 மணி நேரத்துக்குக் குறைந்தால் 30 சதவீதம், 12 மணி வரை 70, அதற்கு மேல் முழுத் தொகை. கணக்கு நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. மாலை 7 மணிக்குப் புறப்பட்டவருக்கு அன்று 5 மணி நேரமே ஆகிறது. ஐந்தரைக்குப் புறப்பட்டதாக எழுதினால் ஆறரை மணியாகிவிடும். 800 ரூபாய் உணவுப்படியில் 240 வர வேண்டிய இடத்தில் 560 வரும். கண்டக்டரின் மெஷின் டிக்கெட்டில் அச்சாகும் நேரம் இதைக் காட்டிக்கொடுக்கும். இப்படிப்பட்ட ஒப்பீட்டை யாருக்கும் விலக்கில்லாமல், அதிகாரிகளின் விண்ணப்பத்திலிருந்து தொடங்கிச் செய்ய வேண்டும். போலி விமான டிக்கெட், போர்டிங் பாஸ் காட்டிப் பயணச் சலுகைப் பணம் கோரிய வழக்கில் மாநிலங்களவை முன்னாள் உறுப்பினர் ஒருவர் 2022-இல் டெல்லி நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். பெரிய தொகை பெரிய பதவியில்தான் இருக்கிறது.

ரசீது வேண்டாத எல்லை பெரிதாகிவிடவும் கூடாது. பிரிட்டனில் 2008 வரை எம்.பி.க்கள் 250 பவுண்டுக்குக் கீழான செலவுகளை ரசீதில்லாமல் கோர முடிந்தது. பின்னர் அந்த வரம்பு 25 பவுண்டாகக் குறைக்கப்பட்டது. இங்கும் அந்த எல்லையை நிர்ணயிக்கும்போது சிறியதாகவே வையுங்கள், ஒருவர் அதே எல்லைக்குச் சற்றுக் கீழே மாதாமாதம் கோருகிறாரா என்றும் பாருங்கள்.

பயணம் முடிந்து 60 நாளுக்குள் விண்ணப்பம் தர வேண்டும் என்பது எங்களுக்கான கெடு. நிர்வாகத்துக்கும் ஒரு கெடு வேண்டும்: 30 நாளுக்குள் பணம், அல்லது எந்த விதிப்படி எவ்வளவு பிடித்தம் என்ற எழுத்துப்பூர்வ பதில். விளக்கம் தர 10 நாள் அவகாசம் தராமல் ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது. தவறு வேண்டுமென்றே செய்ததாக உறுதியானால் நடவடிக்கை எடுங்கள், நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம். மறதியால் விட்ட ரசீதையும் அதோடு சேர்த்து எழுதி, பணிப்பதிவேட்டில் கறை வைக்காதீர்கள்.